25.168-க்கும் 25.07-க்கும் நடுவே

இந்தியாவில் ஒரு கம்பெனி இலாபத்தில் எவ்வளவு வருமான வரி கட்டவேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் 25 சதவீதம் என்பார்கள். கணக்குத் துறையில் இருப்பவர்கள் இன்னும் துல்லியமாக 25.168 என்பார்கள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 115பிஏஏ பிரிவு அடிப்படை விகிதத்தை 22 சதவீதமாக வைத்தது. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சர்சார்ஜ் சேர்ந்தால் 24.2 ஆகும். இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் 4 சதவீதம் செஸ் வந்தால் 25.168. இதுதான் சட்டப்படியான விகிதம்.

ஆண்டறிக்கையின் இலாப நட்டக் கணக்கில் இன்னொரு விகிதம் ஒளிந்திருக்கிறது. வரிச் செலவு என்று காட்டியிருக்கும் மொத்தத் தொகையை வரிக்கு முந்தைய இலாபத்தால் வகுத்தால் கிடைப்பது அது. அதைப் பயனுறு விகிதம் என்போம். இந்த இரண்டு விகிதங்களும் அநேகமாக எந்தக் கம்பெனியிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஏன் ஒன்றாக இல்லை என்பதை எண்களால் விளக்கிக் காட்டவேண்டும் என்று கணக்கியல் தரநிலை கட்டாயப்படுத்துகிறது. உலகின் பல நாடுகளில் ஐஏஎஸ் 12, இந்தியாவில் அதன் வழிவந்த இண்ட் ஏஎஸ் 12. இரண்டிலும் 81-ஆம் பத்தியின் மூன்றாவது உட்பிரிவில் இந்தக் கட்டளை இருக்கிறது. பள்ளியில் வணிகவியல் படித்தவர்களுக்கு வங்கிச் சரிகட்டும் பட்டியல் நினைவிருக்கும். இதுவும் அந்த வகையைச் சேர்ந்ததுதான் என்பதால் வரிச் சரிகட்டும் பட்டியல் என்றே இங்கே சொல்கிறேன்.

முதலீட்டாளர்களும் செய்தியாளர்களும் பொதுவாகச் செய்வது என்ன? இரண்டு விகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். பயனுறு விகிதம் மிகக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுகிறார்கள், கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்த இரண்டாவது பழக்கம் தவறு என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுக்காக நானே அமைத்துக்கொண்டது. ஆனால் இதில் வரும் விகிதங்களும் சட்ட விதிகளும் உண்மையானவை. தலைமை நிறுவனம் இந்தியாவில் இருக்கிறது. சிங்கப்பூரில் இலாபம் ஈட்டும் ஒரு துணை நிறுவனம், பிரிட்டனில் நட்டத்தில் ஓடும் ஒரு துணை நிறுவனம், உள்நாட்டிலேயே ஓர் இணை நிறுவனத்தில் பங்கு. குழுமத்தின் ஒருங்கிணைந்த கணக்கில் வரிக்கு முந்தைய இலாபம் 1,000 கோடி ரூபாய். வரிச் செலவு 250.71 கோடி. அப்படியானால் பயனுறு விகிதம் 25.07 சதவீதம். சட்டப்படியான விகிதத்துக்கும் இதற்கும் பத்தில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். மேலோட்டமாகப் பார்ப்பவர் இதில் பார்க்க ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவார். குறிப்புகளின் பகுதிக்குப் போனால் இப்படி ஒரு பட்டியல் இருக்கும்.

| விவரம் | ரூபாய், கோடியில் |
|---|---|
| வரிக்கு முந்தைய இலாபம் | 1,000.00 |
| 25.168% விகிதப்படி வரவேண்டிய வரி | 251.68 |
| அனுமதிக்கப்படாத சமூகப் பொறுப்புச் செலவு | + 5.03 |
| நிலம் விற்ற ஆதாயத்துக்குக் குறைந்த விகிதம் | − 10.87 |
| சிங்கப்பூரின் குறைந்த விகிதம் | − 8.17 |
| வரிச் சொத்து காட்டப்படாத பிரிட்டன் நட்டம் | + 15.10 |
| இணை நிறுவனத்தின் இலாபப் பங்கு | − 10.07 |
| முந்தைய ஆண்டுகளின் வரி | + 8.00 |
| இலாப நட்டக் கணக்கில் உள்ள வரிச் செலவு | 250.71 |

கடைசி இலக்கத்தில் தெரியும் ஒரு புள்ளி வித்தியாசம் தசமங்களை முழுமையாக்கியதால் வந்தது. மேலே தள்ளிய உருப்படிகள் 28 கோடி, கீழே இழுத்தவை 29 கோடி. எதிரெதிரே நின்று ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டதால்தான் விகிதம் அமைதியாகத் தெரிகிறது. உள்ளே ஆறு வெவ்வேறு கதைகள் நடந்திருக்கின்றன. அவற்றுள் சில அடுத்த ஆண்டும் வரும், சில வரவே வராது, ஒன்று வரியோடு தொடர்பே இல்லாதது.

சமூகப் பொறுப்புச் செலவிலிருந்து தொடங்கலாம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடவேண்டும் என்கிறது. மறுபக்கம் 2014-இல் வருமான வரிச் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் சேர்த்த விளக்கம், அந்தச் செலவைத் தொழில் செலவாகக் கழிக்க முடியாது என்றது. நம் கம்பெனி 20 கோடி செலவழித்திருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் இது இலாபத்தைக் குறைத்துவிட்டது, வரிக் கணக்கில் குறைக்கவில்லை. 20 கோடியை 25.168 சதவீதத்தால் பெருக்கினால் 5.03 கோடி. இந்த வேறுபாடு எந்தக் காலத்திலும் திரும்பாது. இந்த ஆண்டு கழிக்கவிடாத செலவை அடுத்த ஆண்டு கழித்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு இல்லை. இதற்குப் பெயர் நிரந்தர வேறுபாடு. சட்டம் மாறாதவரை இந்த வரி ஒவ்வோர் ஆண்டும் பட்டியலில் இருக்கும்.

நிலம் விற்றதில் 100 கோடி ஆதாயம் என்று வைத்திருக்கிறேன். 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம். சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்தால் 14.3. வழக்கமான விகிதத்தைவிட 10.868 புள்ளிகள் குறைவு என்பதால் 10.87 கோடி கழிகிறது. இது ஒரே தடவை நடப்பது. அடுத்த ஆண்டு விற்க நிலம் இருக்காது. புத்தகத்தில் காட்டிய ஆதாயமும் வரிச் சட்டப்படியான ஆதாயமும் ஒன்றே என்று இங்கே எளிமைக்காகக் கொண்டிருக்கிறேன். நடைமுறையில் பழைய நிலத்தை இண்ட் ஏஎஸ் முறைக்கு மாறியபோது சந்தை மதிப்புக்கு ஏற்றி வைத்த கம்பெனிகளில் இரண்டும் வெகுவாக வேறுபடும்.

சிங்கப்பூர்க் கிளைக்கதை இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கே கம்பெனி வரி 17 சதவீதம். துணை நிறுவனத்தின் இலாபம் 100 கோடி என்றால் இந்திய விகிதத்தைவிட 8.17 கோடி குறைவாக வரி வருகிறது. இந்தச் சேமிப்பு நிலைக்குமா என்பதுதான் கேள்வி. அந்த இலாபம் ஈவுத்தொகையாக இந்தியாவுக்கு வரும்போது இங்கே மீண்டும் வரிக்கு உட்படும். அதைத் தாய் நிறுவனம் தன் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளித்தால் அந்த அளவுக்கு விலக்கு உண்டு. இலாபத்தை எப்போது இந்தியாவுக்குக் கொண்டுவருவது என்ற முடிவு தாய் நிறுவனத்தின் கையில் இருந்து, அண்மையில் கொண்டுவரும் எண்ணமும் இல்லை என்றால், எதிர்கால வரிக்கு இன்றைக்கே ஒதுக்கீடு செய்யத் தேவையில்லை என்று தரநிலை அனுமதிக்கிறது. ஆகவே பயனுறு விகிதத்தின் ஒரு பகுதி நிர்வாகத்தின் எண்ணத்தின் மேல் நிற்கிறது. ஒதுக்கீடு செய்யாமல் விட்ட இலாபம் எவ்வளவு என்று அதே குறிப்பில் தனியாகச் சொல்லியிருப்பார்கள். சரிகட்டும் பட்டியலைப் படிப்பவர் அந்த வாக்கியத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

பிரிட்டன் நட்டம்தான் இந்தப் பட்டியலின் கனமான உருப்படி. துணை நிறுவனத்துக்கு 60 கோடி நட்டம். அது குழுமத்தின் 1,000 கோடியை எட்டும் முன்பே இலாபத்தைக் குறைத்துவிட்டது. நட்டத்தை எதிர்கால இலாபத்தில் ஈடுகட்டலாம் என்பதால் சாதாரணமாக ஒத்திவைத்த வரிச் சொத்து ஒன்றைக் கணக்கில் காட்டி, இந்த ஆண்டின் வரிச் செலவைக் குறைத்திருப்பார்கள். ஆனால் அப்படிக் காட்ட, எதிர்காலத்தில் போதிய இலாபம் வரும் என்பதற்கு வாய்ப்பு இருக்கவேண்டும். அண்மை ஆண்டுகளில் தொடர்ந்து நட்டம் கண்ட நிறுவனத்தின் விஷயத்தில் மனத்தை நம்பவைக்கும் சான்று வேண்டும் என்கிறது தரநிலை. அந்தச் சான்று நிர்வாகத்திடம் இல்லை. ஆகவே சொத்து இல்லை, வரிச் சலுகையும் இல்லை. இந்தியத் தாய் நிறுவன விகிதத்திலேயே கணக்கிட்டால் 15.10 கோடி கூடுகிறது.

இந்த 15.10 கோடியை வரித்துறை கேட்கவில்லை. யாருக்கும் ஒரு பைசா கூடக் கட்டப்படவில்லை. அந்த நட்டத்துக்குச் சலுகை கிடைக்கும் என்று சொல்ல நிர்வாகத்துக்கே துணிவில்லை என்பதைத்தான் அந்த எண் அறிவிக்கிறது. ஆண்டறிக்கையில் வேறெங்கும் இவ்வளவு வெளிப்படையாக இந்தச் செய்தி கிடைக்காது. தலைவரின் உரையில் பிரிட்டன் தொழில் திருப்பத்தை நெருங்கிவிட்டது என்று எழுதியிருந்தாலும், குறிப்புகளில் இந்த உருப்படி ஆண்டுதோறும் பெருத்துக்கொண்டே போனால் நான் குறிப்புகளைத்தான் நம்புவேன். உண்மையிலேயே அந்த நிறுவனம் இலாபத்துக்குத் திரும்பினால் இதே இடத்தில் குறி மாறும். முன்பு சொத்தாகக் காட்டாத நட்டத்தைப் பயன்படுத்தியதால் வரி குறைந்தது என்று ஒரு கழித்தல் வரும்.

இணை நிறுவனத்தின் இலாபப் பங்கு 40 கோடி. இதில் வரிச் சேமிப்பு எதுவும் கிடையாது. இணை நிறுவனம் தன் வரியைத் தானே கட்டிவிட்டு, மீதியில் நமக்குரிய பங்கைத்தான் நம் கணக்கில் ஏற்றுகிறோம். ஆனால் அந்த 40 கோடி வரிக்கு முந்தைய இலாபம் என்ற தலைப்பின் கீழ் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேலும் 25.168 சதவீதத்தைப் பெருக்கிவிட்டதால், பெருக்கியதைத் திருப்பி எடுக்க 10.07 கோடி கழிக்கிறார்கள். கணக்கு எழுதும் முறையால் மட்டுமே பிறந்த உருப்படி இது. இதைப் பார்த்துக் கம்பெனி திறமையாக வரியைத் திட்டமிட்டிருக்கிறது என்று பாராட்டுவது பொருந்தாது. பெரிய கூட்டு முயற்சிகளில் பங்கு வைத்திருக்கும் குழுமங்களின் விகிதம் குறைவாகத் தெரிவதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம்.

முந்தைய ஆண்டுகளின் வரி என்ற 8 கோடி எப்படி வருகிறது? கணக்கை ஏப்ரல், மே மாதங்களில் முடித்துவிடுகிறார்கள். வரி விவரத்தை அக்டோபர், நவம்பரில்தான் தாக்கல் செய்கிறார்கள். இடையில் மதிப்பீடுகள் மாறும். பிறகு வரித்துறையின் ஆணைகள் வரும், மேல்முறையீடுகள் முடியும். ஆகவே சிறு திருத்தங்கள் இயல்பு. இயல்பான திருத்தம் ஓர் ஆண்டு கூட்டலாகவும் இன்னோர் ஆண்டு கழித்தலாகவும் இருக்கும். ஐந்து ஆண்டுகளும் ஒரே திசையில் போனால் மதிப்பீட்டில் ஒரு சாய்வு இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் கழித்தலாகவே வந்தால் கம்பெனி தேவைக்கு அதிகமாக ஒதுக்கி வைத்து, வேண்டும்போது விடுவிக்கிறதோ என்று கேட்கலாம். கூட்டலாகவே வந்தால் நடப்பு ஆண்டின் இலாபத்தை அழகாகக் காட்டக் குறைவாக ஒதுக்குகிறதோ என்று கேட்கலாம்.

பட்டியல் சரிதானா என்று கீழிருந்தும் கட்டிப் பார்க்கலாம். மாணவர்களுக்கு நான் எப்போதும் வற்புறுத்தும் முறை இது. 1,000 கோடியிலிருந்து இணை நிறுவனத்தின் 40, சிங்கப்பூரின் 100, நிலத்தின் 100 ஆகியவற்றை எடுத்துவிட்டு, பிரிட்டன் நட்டம் 60-ஐத் திரும்பக் கூட்டினால் இந்தியத் தொழிலின் இலாபம் 820 கோடி. அதனோடு அனுமதிக்கப்படாத 20 கோடியைச் சேர்த்தால் 840. அதற்கு வரி 211.41 கோடி. நிலத்துக்கு 14.30, சிங்கப்பூரில் 17.00, பிரிட்டனில் எதுவுமில்லை, முந்தைய ஆண்டுகளுக்கு 8.00. கூட்டினால் 250.71. மேலிருந்து இறங்கினாலும் கீழிருந்து ஏறினாலும் ஒரே இடத்துக்கு வரவேண்டும். வரவில்லை என்றால் எங்கோ ஓர் உருப்படி இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது அல்லது விடுபட்டிருக்கிறது.

இனி, இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றி. தேய்மானம் எங்கே? இந்தியக் கம்பெனிகளின் வரி குறைவதற்குப் பெரும்பாலோர் முதலில் சொல்லும் காரணம் அதுதான். நம் கம்பெனி புத்தகத்தில் 60 கோடி தேய்மானம் எழுதியிருக்கிறது, வரிச் சட்டப்படி 100 கோடி கழித்திருக்கிறது என்று கொள்வோம். கூடுதலாகக் கழித்த 40 கோடியால் இந்த ஆண்டு கட்டும் வரி 10.07 கோடி குறைகிறது. ஆனால் அந்த இயந்திரத்தின் மொத்த விலைக்கு மேல் யாரும் தேய்மானம் கழிக்க முடியாது. இன்று அதிகமாகக் கழித்தால் பின்னால் குறைவாகத்தான் கழிக்க முடியும். ஆகவே இன்று குறைந்த 10.07 கோடியை ஒத்திவைத்த வரிப் பொறுப்பு என்று இருப்புநிலைக் குறிப்பில் ஏற்றி, அதே தொகையை இலாப நட்டக் கணக்கில் வரிச் செலவாகவும் எழுதுகிறார்கள். மேலே சொன்ன 211.41 கோடியைப் பிரித்துப் பார்த்தால் 201.34 கோடி நடப்பு வரி, 10.07 கோடி ஒத்திவைத்த வரி. மொத்தம் மாறவில்லை. மொத்தம் மாறாததால் பயனுறு விகிதமும் மாறவில்லை.

இது தற்காலிக வேறுபாடு. தற்காலிக வேறுபாடுகள் பணம் எப்போது கைமாறுகிறது என்பதை மாற்றும், பயனுறு விகிதத்தை மாற்றா. ஆகவே ஒரு கம்பெனி உண்மையில் எவ்வளவு வரிப் பணம் கட்டியது என்று அறிய விரும்புபவர் பயனுறு விகிதத்தைப் பார்க்கக் கூடாது. ரொக்க ஓட்ட அறிக்கையில் செலுத்திய வருமான வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். அங்கே போகவேண்டும். பத்திரிகைகளில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுவதை அடிக்கடி காண்கிறேன்.

இந்த விதியிலிருந்து ஒரு பயனுள்ள சோதனை கிடைக்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவு, சில செலவுகளைப் பணமாகக் கட்டிய ஆண்டில்தான் கழிக்கலாம் என்றது. போனஸ், விடுப்புச் சம்பளம் போன்றவை இதில் அடங்கும். 2023-24 நிதியாண்டு முதல் சிறு, குறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி நிலுவை வைத்த தொகையும் சேர்ந்தது. இவை எல்லாம் கட்டியவுடன் கழிபவை, அதாவது தற்காலிகமானவை. ஒழுங்காக எழுதிய சரிகட்டும் பட்டியலில் இவற்றுக்கு இடமே இல்லை. 43பி-யின் கீழ் அனுமதிக்கப்படாத செலவு என்ற பெயரில் ஓர் உருப்படி அங்கே தென்பட்டால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. ஒத்திவைத்த வரிச் சொத்தைக் கணக்கில் ஏற்ற மறந்திருக்கிறார்கள், அல்லது ஏற்ற வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டு அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். வரி விவரத்துக்காகத் தயாரித்த வருமானக் கணக்கீட்டுத் தாளிலிருந்து கூட்டல் கழித்தல்களை அப்படியே நகலெடுத்துப் பட்டியலை நிரப்பும் இடங்களில் இந்தப் பிழை வரும்.

தற்காலிக வேறுபாடு விகிதத்தைத் தொடாது என்ற விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. வரி விகிதமே மாறும் ஆண்டு அது. 2019 செப்டம்பர் 20 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கோவாவில் அறிவித்த அவசரச் சட்டத்தில்தான் 115பிஏஏ பிறந்தது. அதுவரை பெரிய கம்பெனிகளின் விகிதம் 30 சதவீதத்தோடு 12 சதவீத சர்சார்ஜும் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 34.944. விருப்பப்பட்டவர்கள் பல சலுகைகளைக் கைவிட்டு 25.168-க்கு மாறலாம், மாறினால் திரும்ப முடியாது.

விகிதம் குறைவது எல்லோருக்கும் நல்லதுதானே என்று தோன்றும். இருப்புநிலைக் குறிப்பில் எந்தப் பக்கம் ஒத்திவைத்த வரி நிற்கிறது என்பதைப் பொறுத்தது அது. எதிர்காலத்தில் 100 கோடியைக் கழிக்கும் உரிமை வைத்திருந்த கம்பெனி அதைப் பழைய விகிதத்தில் 34.94 கோடிச் சொத்தாக வைத்திருந்தது. புதிய விகிதத்தில் அதே உரிமைக்கு மதிப்பு 25.17 கோடி. இடைப்பட்ட 9.78 கோடி அந்த ஆண்டே செலவாகிறது. தேய்மானத்தால் வரிப் பொறுப்பு வைத்திருந்த தொழிற்சாலைகளுக்கு நேர் எதிர், அவர்களுக்கு அதே அளவு ஆதாயம்.

வாராக்கடனுக்கு ஒதுக்கீடு செய்து பெரும் வரிச் சொத்தைச் சேர்த்து வைத்திருந்த வங்கிகளுக்கு அடி விழுந்தது. 2019 செப்டம்பரில் முடிந்த காலாண்டில் ஐசிஐசிஐ வங்கி இதற்காக 2,920 கோடி ரூபாய் கூடுதல் வரிச் செலவு எழுதியது, இலாபம் 655 கோடியாகச் சுருங்கியது. ஆக்சிஸ் வங்கி 2,138 கோடி எழுதி, 112 கோடி நட்டம் காட்டியது. அந்த ஒற்றை உருப்படி இல்லையென்றால் அதற்கு 2,026 கோடி இலாபம். வரியைக் குறைத்த சட்டத்தால் ஒரு வங்கி அந்தக் காலாண்டில் நட்டக் கணக்கு காட்டியது. அதன் கடன் தொழிலில் அந்தக் காலாண்டில் புதிதாக எதுவும் கெட்டதன் அடையாளம் அல்ல இது. வரும் ஆண்டுகளில் கட்டப்போகும் வரி குறையும் என்பதன் மறுபக்கம்.

இந்திய வங்கிகள் இன்னும் இண்ட் ஏஎஸ் முறைக்கு வரவில்லை. அவை பின்பற்றும் பழைய ஏஎஸ் 22 தரநிலையில் சரிகட்டும் பட்டியல் கட்டாயமே இல்லை. பட்டியல் மிகவும் தேவைப்பட்ட இடத்தில் அதைக் கேட்கச் சட்டம் இல்லை என்பது என் வருத்தம்.

வரி விதி மாறியதால் 2024-இல் இன்னொரு சிறு அலை வந்தது. நீண்டகால ஆதாயத்தில் பணவீக்கச் சரிக்கட்டு நீக்கப்பட்டதும், அந்தச் சலுகையை நம்பி நிலத்தின் மேலும் முதலீடுகளின் மேலும் ஒத்திவைத்த வரியைக் கணக்கிட்டிருந்த கம்பெனிகள் அதைத் திருத்தி எழுதின. பழைய முறையில் குறைந்தபட்ச மாற்று வரி கட்டி, அந்த வரவை எதிர்காலத்துக்குச் சேமித்து வைத்திருந்த கம்பெனிகள் 115பிஏஏ-வுக்கு மாறியபோதும் இப்படித்தான். அந்த வரவு காலாவதியானது, புத்தகத்தில் இருந்த தொகை முழுவதும் செலவானது. இவை எல்லாம் சரிகட்டும் பட்டியலில் தனி வரியாக வந்தாகவேண்டும். வரவில்லை என்றால் மற்றவை என்ற உருப்படிக்குள் புதைக்கப்பட்டிருக்கின்றன.

நம் கம்பெனிக்குத் திரும்புகிறேன். அடுத்த ஆண்டின் விகிதத்தை மதிப்பிட வேண்டுமென்றால் 25.07-ஐ எடுத்துக்கொள்ளக் கூடாது. நில ஆதாயத்தையும் முந்தைய ஆண்டுகளின் வரியையும் நீக்கிவிடவேண்டும். இலாபம் 900 கோடி, வரி 228.41 கோடி, விகிதம் 25.38. இப்போது நிர்வாகம் பிரிட்டன் நிறுவனத்தை மூடிவிடுகிறது என்று கற்பனை செய்யுங்கள். மூடும் செலவை விட்டுவிடுவோம். 60 கோடி நட்டம் நீங்கி இலாபம் 960 ஆகிறது. வரி எவ்வளவு மாறும்? ஒரு ரூபாய்கூட மாறாது, ஏனெனில் அந்த நட்டத்துக்கு வரிச் சலுகை எதுவும் கணக்கில் இல்லை. விகிதம் மட்டும் 23.79-க்கு இறங்கும். வரித்துறையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு தொழில் முடிவு பயனுறு விகிதத்தை ஒன்றரைப் புள்ளிக்கு மேல் நகர்த்துகிறது. தலைப்பு எண்ணை மட்டும் வைத்துக் கம்பெனி வரி ஏய்க்கிறது என்றோ நாணயமாகக் கட்டுகிறது என்றோ சொல்வது எவ்வளவு பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தரநிலையின் குறை எங்கே என்றும் சொல்லவேண்டும். எந்தெந்தத் தலைப்புகளில் வேறுபாட்டைப் பிரிக்கவேண்டும் என்று ஐஏஎஸ் 12 வரையறுக்கவில்லை. தொடக்க விகிதத்தைக்கூடப் பொருள் தரும் விகிதம் என்று நிர்வாகமே தேர்ந்துகொள்ளலாம். பெரும்பாலும் தாய்நாட்டு விகிதம், சில வேளைகளில் பல நாடுகளின் நிறையிட்ட சராசரி. நிறையிட்ட சராசரியில் தொடங்கினால் சிங்கப்பூர் உருப்படி பட்டியலிலிருந்து மறைந்தே போகும். ஆண்டுக்கு ஆண்டு தொடக்க விகிதத்தின் முறை மாறியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவில் 2023-இல் வந்த கணக்கியல் திருத்தம் வேறு வழியில் போயிருக்கிறது. பங்குச் சந்தைக் கம்பெனிகள் 2025-ஆம் ஆண்டுக் கணக்கு முதல் எட்டு நிலையான வகைகளில் பட்டியலைத் தரவேண்டும். வெளிநாட்டு வரி, சட்ட மாற்றம், வரி வரவுகள், காட்டாமல் விட்ட வரிச் சொத்து போன்றவை அந்த வகைகள். அவற்றுள் சிலவற்றில், வரவேண்டிய வரியின் 5 சதவீதத்தை எட்டும் உருப்படிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டவேண்டும். நம் கம்பெனியில் அந்த எல்லை 12.58 கோடி. ஆறு உருப்படிகளில் பிரிட்டன் நட்டம் மட்டுமே அதைத் தாண்டுகிறது. எல்லையை மட்டும் வைத்தால் மற்ற ஐந்தும் மறைந்திருக்கும். நிலையான வகைகள் இருப்பதால்தான் அவையும் வெளியே வருகின்றன. ஆகவே இந்தியாவில் சீர்திருத்தம் வருமானால் சதவீத எல்லையோடு நிற்காமல் கட்டாய வகைகளையும் கொண்டுவரவேண்டும், வங்கிகளையும் அதற்குள் சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை பங்குதாரர் கையில் இருப்பவை ஆண்டறிக்கையும் ஆண்டுப் பொதுக்கூட்டமும்தான். வைத்திருக்கும் பங்கின் கடைசி நான்கு அறிக்கைகளை எடுத்து, வருமான வரி பற்றிய குறிப்பில் உள்ள பட்டியல்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். மற்றவை என்ற உருப்படி மற்ற எதையும்விடப் பெரிதாக இருந்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று பொதுக்கூட்டத்துக்கு முன்பே எழுத்து மூலமாகக் கேளுங்கள். பங்குதாரர் கேட்கத் தகுதியான கேள்வி அது.